பாஸ்போர்ட்டுக்கு வாங்கிய என்.ஓ.சி. பயணத்துக்கு ஆகுமா?

கேள்வி: மதுரையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் யு.டி.சி.யாக இருக்கிறேன். வாரம் ஐந்து நாள் வேலை. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு 2026 ஜூலை நடுவில் பிரசவத் தேதி. ஜூலை முதல் வாரம் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். டிக்கெட் மருமகன் எடுத்துத் தருகிறார். பாஸ்போர்ட் எடுக்கும்போதே ஆபீசில் என்.ஓ.சி. வாங்கினேன், மறுபடியும் அனுமதி கேட்க வேண்டுமா? 21 நாளில் பதில் வராவிட்டால் தானாகவே அனுமதி கிடைத்த மாதிரி என்று ஒருவர் சொல்கிறார், அதை நம்பிக் கிளம்பலாமா? பிரசவம் தள்ளிப்போனால் அங்கிருந்தே லீவை நீட்டிக்க முடியுமா?

பதில்: மறுபடியும் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் முன்பு வாங்கிய சான்று பாஸ்போர்ட் அலுவலகத்துக்காக எழுதப்பட்டது. இவருக்குப் பாஸ்போர்ட் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்பது மட்டும்தான் அதில் இருக்கும். அனெக்ஸர் ஜி என்று ஒரு படிவம், அதில்தான் கொடுத்திருப்பார்கள். அதன் ஆயுளே ஆறு மாதம்தான். பாஸ்போர்ட் கைக்கு வந்ததோடு அதன் வேலை முடிந்தது. இன்னும் பாஸ்போர்ட் எடுக்காத அரசு ஊழியர்கள் என்.ஓ.சி.க்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பிக்கப் போகிறேன் என்று மேலதிகாரிக்கு முன்தகவல் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகலோடு பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போகலாம். அதற்கு அனெக்ஸர் எச் படிவம். அந்த வழியில் போலீஸ் விசாரணை முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கு இப்போது வேண்டியது வேறு இரண்டு உத்தரவுகள். ஒன்று, சொந்த வேலையாக வெளிநாடு போக அனுமதி. இன்னொன்று, லீவு சாங்ஷன். இந்த இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு சிக்கலில் மாட்டியவர்களை நான் நிர்வாகப் பிரிவில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன், உங்கள் 21 நாள் கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது. லீவு என்பது சி.சி.எஸ். லீவு விதிகள் 1972-ன்படி உங்கள் கணக்கில் இருக்கும் நாட்களிலிருந்து தரப்படுவது. வெளிநாட்டு அனுமதி லீவுக் கணக்கைத் தொடாது. நீங்கள் எந்த நாட்டுக்கு, எத்தனை நாள், எதற்காக, யார் செலவில் போகிறீர்கள் என்பதை அலுவலகம் தெரிந்துகொண்டு சம்மதிப்பது அது. சில அலுவலகங்களில் இரண்டையும் ஒரே தாளில் ஒரே உத்தரவாகப் போட்டுவிடுவார்கள், சில இடங்களில் லீவை உங்கள் அதிகாரி சாங்ஷன் செய்வார், வெளிநாட்டு அனுமதிக்கு மட்டும் ஃபைல் தலைமை அலுவலகம் வரைக்கும் போகும். உங்கள் அலுவலகத்தில் எப்படி என்று எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷனில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் யார் தகுதியுள்ள அதிகாரி என்பது துறைக்குத் துறை மாறும்.

சரி, அந்த 21 நாள். உங்களிடம் சொன்னவர் கற்பனையாகச் சொல்லவில்லை. மத்தியப் பணியாளர் துறை, அதாவது டி.ஓ.பி.டி., 2015 ஜூலை 27-ல் ஒரு அலுவலகக் குறிப்பாணை போட்டது. சொந்தப் பயணமாக வெளிநாடு போக விண்ணப்பம் வந்தால், வந்ததிலிருந்து 21 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும், விண்ணப்பத்தில் குறை இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும், 21 நாளுக்குள் முடிவு எதையும் தெரிவிக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். வேலையின் தன்மை காரணமாகக் கட்டுப்பாடு தேவைப்படும் துறைகள் உரிய ஒப்புதலோடு தனி உத்தரவு போட்டுக்கொள்ளலாம் என்ற வழியும் அதில் உண்டு. அதனால் உங்கள் துறையில் அப்படித் தனி உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 21 நாள் தாண்டினால் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்பது வெளிநாட்டு அனுமதிக்கு மட்டும்தான். லீவுக்கு அப்படி ஒரு சலுகை எந்த விதியிலும் கிடையாது. விதி 7 என்ன சொல்கிறது என்றால், லீவு ஒரு உரிமையாகக் கேட்கக்கூடியது அல்ல, பணித் தேவை இருந்தால் மறுக்கலாம், கொடுத்ததை ரத்தும் செய்யலாம். (நீங்கள் கேட்ட லீவின் வகையை மாற்றும் அதிகாரம் மட்டும் அவர்களுக்கு இல்லை.) ஆக, 22-ம் நாள் வெளிநாட்டு அனுமதி இருப்பதாகக் கொண்டு நீங்கள் விமானம் ஏறினாலும், லீவு உத்தரவு கையில் இல்லாவிட்டால் அனுமதியில்லாமல் பணிக்கு வராதவர் என்ற இடத்தில்தான் நிற்பீர்கள். ஒழுங்கு நடவடிக்கை வந்தால் உங்கள் கையில் இருக்கும் குறிப்பாணை அதற்குப் பதில் சொல்லாது. அதனால் லீவு சாங்ஷன் எழுத்தில் வராமல் கிளம்பாதீர்கள். அது வந்துவிட்டது, வெளிநாட்டு அனுமதி மட்டும்தான் மேலே தூங்குகிறது என்றால், அப்போது அந்த 21 நாள் உண்மையிலேயே உங்களுக்கு உதவும்.

அதுவும் உதவ வேண்டுமானால் விண்ணப்பம் என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். 2026 மே 11 திங்கட்கிழமை விண்ணப்பத்தைக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தபால் பிரிவின் சீலும் தேதியும் டைரி நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் என்றால் மே 18, குறை எதுவும் இருந்தால் அதற்குள் சொல்ல வேண்டும். 21 நாள் ஜூன் 1-ல் முடிகிறது. ஆனால் உங்கள் அலுவலகத்திலிருந்து ஃபைல் மேலிடத்துக்குப் போய்ச் சேரவே பத்து நாள் ஆகியிருந்தால், எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்று பின்னால் பேச்சு வரும். பாதுகாப்பான வழி, முடிவெடுக்கும் அதிகாரியின் அலுவலகத்தில் அது பதிவான தேதியிலிருந்து எண்ணுவதுதான். மேலே அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் செக்‌ஷனில் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அங்கே எப்போது பதிவானது என்று விசாரியுங்கள். 21 நாள் முடிந்ததும் சும்மா இருந்துவிடாமல், இன்ன தேதியில் கொடுத்த விண்ணப்பத்துக்கு இதுவரை பதில் இல்லை, மேற்படி குறிப்பாணையின்படி அனுமதி கிடைத்ததாகக் கொண்டு இன்ன தேதியில் புறப்படுகிறேன் என்று நான்கு வரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்து அதற்கும் ஒப்புகை வாங்குங்கள். அந்தக் கடிதம் போன பிறகுதான் பல ஃபைல்கள் அசையும்.

அடுத்தது தேதிகள். விண்ணப்பம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். லீவுத் தேதியும், தலைமையிடத்தை விட்டு வெளியேறும் தேதியும், வெளிநாட்டில் இருக்கும் தேதியும் மூன்றும் ஒன்றாக இருக்காது. இருக்கவும் கூடாது. மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஜூலை 3 வெள்ளி மாலை ஆபீஸ் முடிந்து திருச்சிக்குப் போய், நள்ளிரவுக்குப் பிறகு புறப்படும் சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்கிறீர்கள். ஆகஸ்ட் 2 ஞாயிறு ஊர் திரும்புகிறீர்கள், 3 திங்கள் காலை வேலை. இதற்கு ஈட்டிய விடுப்பு ஜூலை 6 முதல் 31 வரை, 26 நாள். நடுவில் வரும் சனி ஞாயிறு எல்லாம் இதற்குள் எண்ணப்பட்டுவிடும். ஜூலை 4, 5 இரண்டையும் முன்னால் சேர்க்கவும், ஆகஸ்ட் 1, 2 இரண்டையும் பின்னால் சேர்க்கவும் அனுமதி கேட்கிறீர்கள், ஆபீசில் ப்ரீஃபிக்ஸ், சஃபிக்ஸ் என்பார்களே, அது. இந்த நான்கு நாளும் லீவுக் கணக்கில் கழியாது. தலைமையிடத்தை விட்டு வெளியேறும் அனுமதி ஜூலை 3 அலுவலக நேரத்துக்குப் பின் தொடங்க வேண்டும். வெளிநாட்டுப் பயண அனுமதியையும் ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 2 வரை என்றே கேளுங்கள். விமானம் 4-ம் தேதி ஒரு மணிக்கு என்றாலும், இமிகிரேஷன் வரிசையை நீங்கள் இரவு பதினொன்றரைக்கே தாண்டிவிட்டால் பாஸ்போர்ட்டில் முத்திரை 3-ம் தேதியில்தான் விழும். அனுமதி 4-ம் தேதியிலிருந்து என்றும் முத்திரை 3 என்றும் இருந்தால், ஒரு நாள் முன்னதாகவே வெளியேறினார் என்று யாராவது குறிப்பு எழுத இடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்ப வேண்டும் என்றால்? அரை நாள் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டு அப்படியே ஈட்டிய விடுப்பில் போய்விடலாம் என்று தோன்றும். சி.எல்.லை இந்த மாதிரி லீவோடு சேர்க்கக்கூடாது என்பது பொது விதி. அதனால் ஈட்டிய விடுப்பையே ஜூலை 3-லிருந்து கேட்க வேண்டியிருக்கும், அப்போது 4, 5 இரண்டும் லீவுக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால் 26 நாள் 29 ஆகிவிடும். ஒரு நாளுக்காக மூன்று நாள் கழிவது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மாலை கிளம்புவதே லாபம். திரும்பும்போதும் இதே கதைதான். ஞாயிறு இரவு விமானம் தாமதமாகி திங்கள் வர முடியவில்லை என்றால் அந்தத் திங்களுக்கு சி.எல். எழுதிக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது, லீவு நீட்டிப்புத்தான் கேட்க வேண்டும். ஞாயிறு இரவு வேண்டாம், சனிக்கிழமை விமானத்தையே எடுங்கள் என்பேன்.

விண்ணப்பப் படிவம் அந்தக் குறிப்பாணையோடேயே இருக்கிறது. பெயர், பதவி, சம்பளம், பாஸ்போர்ட் எண் போன்றவை போக, போகும் நாடுகள், காலம், நோக்கம், உத்தேசச் செலவு, பணம் எங்கிருந்து வருகிறது, கடந்த நான்கு ஆண்டுகளில் சொந்தமாகப் போன வெளிநாட்டுப் பயணங்கள் என்று கேட்கும். முன்பு ஒருமுறை போயிருந்தால் மறைக்காதீர்கள், அந்தப் பழைய அனுமதியின் எண்ணையும் எழுதுங்கள். இறங்கி ஏறும் நாட்டில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து இரண்டு நாள் தங்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாடும் பட்டியலில் வர வேண்டும். சிங்கப்பூர் போய்விட்டு மகளோடு மலேசியா ஒரு எட்டுப் போய்வரும் யோசனை இருந்தால் இப்போதே எழுதிவிடுங்கள்.

செலவு என்ற இடத்தில் பலரும் தயங்குகிறார்கள். டிக்கெட்டை மருமகன் எடுக்கிறார், தங்குவதும் சாப்பாடும் மகள் வீட்டில் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். நடத்தை விதிகள் 1964-ல் விதி 13 இலவசப் பயணத்தையும் தங்குமிடத்தையும் பரிசு என்ற கணக்கில் சேர்க்கிறது, ஆனால் நெருங்கிய உறவினரோ அலுவல் தொடர்பில்லாத சொந்த நண்பரோ கொடுத்தால் அது பரிசாகாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. அதனால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. டிக்கெட் எடுத்துத் தருபவர் உங்கள் அலுவலகத்தோடு ஏதாவது வேலைத் தொடர்பு உள்ளவர் என்றால் நிலைமை தலைகீழ். அதேபோல ஒரு வெளிநாட்டு அமைப்பு அழைத்து அவர்கள் செலவில் போவதானால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2010-ன் 6-வது பிரிவின்படி மத்திய அரசின் முன் அனுமதியே தனியாக வேண்டும். மகள் வீட்டுப் பிரசவத்துக்கு அதெல்லாம் தேவைப்படாது, ஆனால் மருமகன் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் என்றால் அதையும் விண்ணப்பத்திலேயே தெரிவித்து, இந்தப் பிரிவு பொருந்துமா என்று முன்கூட்டியே செக்‌ஷனில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

டிக்கெட் நகலைப் படிவம் கேட்கவில்லை. உத்தரவு வரும்முன் டிக்கெட் போட்டே ஆக வேண்டும் என்றால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்பதை லீவு கேட்க ஒரு காரணமாக மட்டும் விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். அனுமதிக்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள் என்று படிப்பவருக்குத் தோன்றும், அதனால் ஒரு பயனும் இல்லை.

லீவு நீட்டிப்புக்கு வருகிறேன். முடியும், ஆனால் இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சிங்கப்பூரில் உங்களுக்கு எத்தனை நாள் தங்க அனுமதி என்பதை இறங்கும்போது அவர்கள்தான் முடிவு செய்வார்கள், இந்தியாவிலிருந்து உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 30 நாள் வரை தருகிறார்கள். ஜூலை 4-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 2-ல் அது முடிந்துவிடுகிறது. ஆக, குழந்தை பத்து நாள் தாமதமாகப் பிறந்தால் நீங்கள் மூன்று நீட்டிப்பு வாங்க வேண்டும்: சிங்கப்பூர் குடிவரவுத் துறையிடம் தங்கும் காலத்துக்கு, உங்கள் அலுவலகத்தில் லீவுக்கு, வெளிநாட்டு அனுமதிக்கு. அலுவலகக் கடிதம் ஜூலை 31-க்கு முன்பே ஈமெயிலில் போய்ச் சேர வேண்டும், பதில் வராமல் அங்கேயே தங்கிவிட்டால் லீவு விதிகளின் விதி 25 வரும். அந்த நாட்களுக்கு லீவுச் சம்பளம் கிடையாது, வேண்டுமென்றே வராமல் இருந்ததாக முடிவு செய்தால் ஒழுங்கு நடவடிக்கைக்கும் இடம் உண்டு. மகளின் பிரசவத்துக்கு மருத்துவச் சான்று வைத்து மருத்துவ விடுப்பு கேட்கவும் முடியாது, அந்தச் சான்று உங்கள் உடல்நிலைக்குத்தான் செல்லும்.

அதனால் என் யோசனை, முதலிலேயே கூடுதலாகக் கேளுங்கள். ஜூலை 6 முதல் ஆகஸ்ட் 14 வெள்ளி வரை ஈட்டிய விடுப்பு, 40 நாள். பின்னால் 15 சனி, 16 ஞாயிறு. வெளிநாட்டு அனுமதி ஆகஸ்ட் 16 வரை. ஈட்டிய விடுப்பு ஒரே தவணையில் 180 நாள் வரை தரலாம் என்பதால், கணக்கில் லீவு இருந்தால் இது விதிக்கு உட்பட்டதுதான். நோக்கம் என்ற இடத்தில் மகளின் பிரசவத் தேதி ஜூலை நடுவில், தேதி தள்ளிப்போக வாய்ப்புள்ளதால் இந்தக் காலம் கேட்கப்படுகிறது என்று ஒரு வரி சேர்த்து, அவர் சிகிச்சை பெறும் மருத்துவமனையின் கடித நகலையும் இணையுங்கள். எல்லாம் நேரத்துக்கு நடந்து ஆகஸ்ட் 2-லேயே வந்துவிட்டால் மறுநாளே போய் உட்கார்ந்துவிட முடியாது. லீவு முடிவதற்குள் பணியில் சேர லீவு கொடுத்த அதிகாரியின் அனுமதி வேண்டும் என்று விதி 24 சொல்கிறது. ஆனால் முன்கூட்டி வருகிறேன் என்று கேட்பவருக்குப் பொதுவாக யாரும் முட்டுக்கட்டை போடுவதில்லை, மீதி நாளும் உங்கள் கணக்குக்கே திரும்பும். அங்கே உட்கார்ந்துகொண்டு நீட்டிப்புக்கு அலைவதைவிட இது எவ்வளவோ எளிது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் தேதியை முன்பின் மாற்றிப் பேச இடம் உண்டு. துறை விசாரணை நிலுவையில் இருப்பதை மட்டுமே காரணமாகச் சொன்னால், சதீஷ் சந்திர வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-ல் கொடுத்த தீர்ப்பைக் குறிப்பிட்டு மேலிடத்துக்கு முறையீடு செய்யலாம். அவர் ஒரு ஐ.பி.எஸ். அதிகாரி, துறை நடவடிக்கை நிலுவையில் இருப்பதால் மட்டும் ஒருவரை வெளிநாடு போகவிடாமல் தடுக்க முடியாது என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். லீவு மறுப்புக்கு இந்தத் தீர்ப்பைக் கொண்டுபோக வேண்டாம், அது விதி 7-க்குள் வருகிற வேறு விஷயம்.

இதைப் படிக்கும் தமிழ்நாடு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கவனிக்க: 21 நாள் குறிப்பாணை மத்திய அரசு ஊழியர்களுக்கானது. உங்களுக்கு உங்கள் துறையின் படிவமும் அனுமதி வழங்கும் அதிகாரியும் தனி, அதனால் பதில் வரவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். தேதிகளை மூன்றாகப் பிரித்து எழுதும் முறை மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

திரும்பி வந்த அன்று பணியேற்பு அறிக்கையோடு, போன தேதியும் வந்த தேதியும் தெரியும் பாஸ்போர்ட் பக்கங்களின் நகலையும் கொடுத்து ஃபைலில் சேர்க்கச் சொல்லுங்கள். அனுமதி உத்தரவின் நகல் ஒன்றை வீட்டிலும் வைத்திருங்கள், அடுத்த பயணத்துக்கு அந்த நான்கு ஆண்டுக் கட்டத்தை நிரப்ப அது வேண்டும்.